ஆயிரம் ரூபாவும் அது வாங்கிய மாவும்

2021 மார்ச்சில் வர்த்தமானி வந்த அன்று அம்மா எனக்குப் போன் எடுத்து, "ஆயிரம் போட்டுட்டாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை, ஏனென்றால் அப்போது ஆறு வருடமாக இலங்கை மலையகத்தில் ஆயிரம் என்றால் ஒரே ஒரு விஷயம்தான்: தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம். அன்று லயத்தில் பட்டாசு போட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அடுத்த மூன்று வருடங்களில் அந்த ஆயிரத்துக்கு என்ன நடந்தது என்பதை அம்மாவின் கடன் கொப்பியையும் விலைச் சுட்டெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நாம் எதற்காகப் போராடினோம், எதை விட்டுவிட்டோம் என்பது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொருளியலில் இதற்குப் பண மாயை என்று பெயர். அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1920களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். விஷயம் எளிமையானது. கையில் வரும் காசின் எண்ணை வைத்தே நாம் கூடியது குறைந்தது என்று தீர்மானிக்கிறோம், அந்த எண் கடையில் எவ்வளவு வாங்கும் என்பதை வைத்து அல்ல. எண்ணைப் பெயரளவுச் சம்பளம் என்றும், அது வாங்கும் பொருளை மெய்ச் சம்பளம் என்றும் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டு "தொழிலாளிக்குக் கணக்குத் தெரியாது" என்று யாராவது முடிவு செய்தால் அது பெரிய தவறு. மா விலை ஐந்து ரூபா ஏறினால் அதை முதலில் கண்டுபிடிப்பது அம்மாதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆயிரம் எப்படி வந்தது

இலங்கையின் பெருந்தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் போட்டு வந்தன. 2013 ஒப்பந்தத்தின்படி நாளொன்றுக்கு 620 ரூபா: அடிப்படைச் சம்பளம் 450, நாள் தவறாமல் வேலைக்கு வந்தால் தரும் வரவுக் கொடுப்பனவு 140, தேயிலை விலைப் பங்கு 30. அந்த ஒப்பந்தம் 2015இல் முடிந்தபோதுதான் ஆயிரம் ரூபாக் கோரிக்கை எழுந்தது. நல்ல கோரிக்கை. வட்டமான எண், வாயில் நிற்கும், பதாகையில் எழுதலாம், பிள்ளைக்கும் புரியும். ஊர்வலத்துக்கு அப்படி ஒரு எண் தேவை, அதை நான் குறை சொல்லவில்லை.

2016 அக்டோபரில் கிடைத்தது 730. அடிப்படை 500, வரவுக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140. பிறகு 2018 அக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் இளைஞர்கள் திரண்டார்கள், டிசம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது, எல்லாம் அதே ஆயிரத்துக்காக. 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆனது. ஐந்நூறிலிருந்து எழுநூறு, அதாவது 40 வீத உயர்வு என்று செய்தி வந்தது. ஆனால் வரவுக் கொடுப்பனவும் உற்பத்தி ஊக்குவிப்பும் போய்விட்டன, 50 ரூபா விலைப் பங்கு மட்டும் மிஞ்சியது, கூட்டினால் 750. நாள் தவறாமல் போய் முழு அளவு பறிக்கும் ஒருவருக்கு உண்மையில் கூடியது 20 ரூபா.

இதில் யாரும் ஏமாறவில்லை என்பதைக் கவனியுங்கள். 40 வீதம் என்று சொன்ன அன்றே மலையகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, ஏனென்றால் 730இலிருந்து 750க்கு என்ன வித்தியாசம் என்று கணக்குப் பார்க்க எவருக்கும் அரை நிமிடம் போதும். எண்ணுக்குள்ளே நடக்கிற விளையாட்டைத் தொழிலாளி உடனே பிடிக்கிறார். எண் அப்படியே இருக்க, எண்ணுக்கு வெளியே நடப்பதுதான் பிடிபடுவதில்லை.

அதுவும் அந்த ஆறு வருடத்தில் நடந்துகொண்டே இருந்தது. 2015க்கும் 2021 தொடக்கத்துக்கும் இடையில் இலங்கையில் பணவீக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை, வருடத்துக்கு நாலு வீதம், ஒரு வருடம் மட்டும் ஆறரை. சத்தமில்லாமல் ஏறியது. ஆனால் அதைச் சேர்த்துப் பெருக்கினால் கால் பங்குக்கு மேல் வருகிறது. அதாவது 2015இல் ஆயிரம் ரூபா கேட்டவருக்கு அதே பொருள் 2021இல் வேண்டும் என்றால் சுமார் 1250 கேட்டிருக்க வேண்டும். கோரிக்கை ஆயிரத்திலேயே நின்றது. கம்பனி ஒரு ரூபாவும் குறைக்காமலே, சங்கம் ஒரு ரூபாவும் விட்டுக்கொடுக்காமலே, கோரிக்கை வருடாவருடம் சிறிதாகிக்கொண்டு வந்தது.

ஆயிரம் கிடைத்த பிறகு

2021 மார்ச்சில் கூட்டு ஒப்பந்தம் வழியாக அல்ல, சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் வந்தது: 900 நாட்சம்பளம், 100 வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி. 750இலிருந்து ஆயிரம் என்பது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. இது வெறும் எண் இல்லை, அந்த மார்ச் மாதத்தில் அது உண்மையான உயர்வு. இதை மறுக்கிறவர்கள் அந்த லயங்களில் இருந்ததில்லை.

ஆனால் மாதச் சம்பளம் என்பது நாட்சம்பளத்தை வேலை நாட்களால் பெருக்கினால் வருவது. எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் ஒரு பேருக்கு 18 கிலோ கொழுந்து போதும். (பேர் என்றால் தோட்டத்தின் சம்பளப் பதிவான செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலை, முழு அளவு பறிக்காவிட்டால் அரைப் பேர்தான் விழும்.) ஆயிரம் வந்ததும் அது 20 கிலோ ஆனது. வேலை நாட்களும் குறைந்தன. அம்மாவின் ஒரு மாதத்தைச் சொல்கிறேன். முன்பு 22 பேர் விழுந்த மாதத்தில் 750 வீதம் 16,500. ஆயிரம் வந்த பிறகு ஒரு மாதம் 16 பேர்தான் விழுந்தது, அதற்கு 16,000. எண் 250 கூடியது, வீட்டுக்கு வந்தது 500 குறைந்தது. அப்போதும் அம்மா சொன்னது, "ஆயிரம் தர்றாங்கதானே, நமக்குத்தான் வேலை இல்ல." சம்பளம் கூடிவிட்டது, நாள்தான் குறைந்தது என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுவிட்டார். நானும் அப்போது அப்படித்தான் யோசித்தேன்.

அப்புறம் 2022 வந்தது. மார்ச்சில் ஒரு டாலர் 200 ரூபா சொச்சம், மே மாதத்துக்குள் 360. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். கடன் கொப்பியில் கோதுமை மா கிலோ நூறு ரூபா அளவில் இருந்தது 2022 செப்டம்பர்ப் பக்கத்தில் நானூறு ஆகியிருந்தது. பிறகு அதில் பாதியளவுக்கு இறங்கியது. ரொட்டி சுட்டுச் சாப்பிடுகிற வீட்டுக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு பேருக்குப் பத்து கிலோ மா வாங்கிய ஆயிரம், அந்த மாதத்தில் இரண்டரைக் கிலோ வாங்கியது.

மாவை விடுங்கள், மொத்த விலைச் சுட்டெண்ணையே எடுத்துக்கொள்ளலாம். 1000ஐ 1.698ஆல் வகுத்தால் 589. ஒரே வருடத்தில், 2021 செப்டம்பரின் விலையில் பார்த்தால், நாட்சம்பளம் 411 ரூபா குறைந்துவிட்டது.

இங்கேதான் நான் உங்களை நிற்கச் சொல்வேன். 2021 செப்டம்பரில் ஒரு தோட்டத் துரை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் மஸ்டர் இடத்தில் வந்து நின்று, நாளையிலிருந்து ஆயிரம் இல்லை, 589தான் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒருவரும் மலைக்கு ஏறியிருக்க மாட்டார்கள். ஹட்டன் வீதி அடைபட்டிருக்கும். ஆயிரத்துக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள் நாங்கள். 411 ரூபா போனபோது நாட்டில் எல்லாரும் சேர்ந்து எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம், அரசாங்கத்தைத் திட்டினோம், ஜனாதிபதியே ஓடினார். ஆனால் அது விலைவாசிப் பிரச்சினையாகத்தான் எங்கள் மனதில் இருந்தது, சம்பளப் பிரச்சினையாக அல்ல. ஆயிரம் அப்படியே இருந்தது அல்லவா.

கம்பனியின் பக்கத்தில் எண்கள் அப்படியே நிற்கவில்லை. 2021இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலை சராசரியாக 619 ரூபாவுக்கு விற்றது, 2022இல் 1200க்கு மேல். தேயிலை டாலருக்கு விற்கிற சரக்கு, ரூபா விழுந்தால் ரூபா விலை தானாக ஏறும். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் உரத் தடையால் அந்த வருடம் நாட்டின் விளைச்சல் 299 மில்லியன் கிலோவிலிருந்து 251 மில்லியனுக்கு விழுந்தது, உரமும் எரிபொருளும் பல மடங்கு விலையானது, ஆகவே கிலோ விலை இரட்டித்ததெல்லாம் லாபம் இல்லை. ஆனாலும் விற்கிற விலை சந்தையோடு சேர்ந்து ஏறியது, வாங்குகிற உழைப்பின் விலை வர்த்தமானியில் எழுதியபடியே நின்றது. இந்த இடைவெளியை அப்போதே மேசையில் வைத்திருக்க வேண்டும்.

பரிசோதனையில் தெரிந்தது

இது மலையகத்தின் தனிக்குணம் இல்லை. எல்டார் ஷஃபீர், பீட்டர் டயமண்ட், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற மூவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. நியூ ஜெர்சிப் பக்கத்தில் விமான நிலையத்திலும் கடைத் தொகுதிகளிலும் நின்றவர்களிடமும், பிரின்ஸ்டன் மாணவர்களிடமும் கேள்வி கேட்டார்கள். அதில் ஒன்று இது. ஆன், பார்பரா என்று இரண்டு பெண்கள், ஒரே படிப்பு, ஒரே மாதிரி வேலை, வருடத்துக்கு 30,000 டாலர் தொடக்கச் சம்பளம். ஆன் இருக்கும் இடத்தில் பணவீக்கம் இல்லை, இரண்டாம் வருடம் 2 வீதம் உயர்வு. பார்பரா இருக்கும் இடத்தில் பணவீக்கம் 4 வீதம், உயர்வு 5 வீதம்.

ஒரு குழுவிடம், பொருளாதார ரீதியில் இரண்டாம் வருடத்தில் யார் நன்றாக இருக்கிறார் என்று கேட்டார்கள். 71 வீதம் பேர் ஆன் என்று சரியாகச் சொன்னார்கள். ஆகவே கணக்குத் தெரிகிறது. இன்னொரு குழுவிடம் யார் அதிக சந்தோஷமாக இருப்பார் என்று கேட்டார்கள், 64 வீதம் பேர் பார்பரா என்றார்கள். மூன்றாவது குழுவிடம், வேறு கம்பனியிலிருந்து வேலை வந்தால் யார் இருக்கிற வேலையை விட்டுப் போகக்கூடும் என்று கேட்டதற்கு 65 வீதம் பேர் ஆன் என்றார்கள். அதாவது மெய்யாகக் கூடுதல் பெற்றவள்தான் கோபித்துக்கொண்டு போவாள் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, "பொருளாதார ரீதியில்" என்று கேட்டதும் பெரும்பாலானோர் சரியான பதிலுக்குப் போனதுதான். அந்தச் சொல்லைக் கேள்வியில் வைக்காவிட்டால் மனம் எண்ணையே பார்க்கிறது. தெரிந்த கணக்கை யாரும் கூப்பிடாவிட்டால் அது தானாக வருவதில்லை. அம்மாவுக்கு மா விலை தெரியும், சம்பளமும் தெரியும், இரண்டையும் வகுத்துப் பார் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இதற்கு முன்பே, 1986இல், டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் கனடாவில் தொலைபேசியில் மக்களிடம் கேட்ட கேள்வி இன்னும் நேராக நம் விஷயத்தைத் தொடுகிறது. ஒரு கம்பனி கொஞ்சம் லாபத்தில் ஓடுகிறது, ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம், பணவீக்கம் இல்லை, கம்பனி 7 வீதம் சம்பளத்தைக் குறைக்கிறது. இது நியாயமா? 62 வீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே கம்பனி, அதே நிலை, ஆனால் பணவீக்கம் 12 வீதம், கம்பனி 5 வீதம் மட்டும் கூட்டிக் கொடுக்கிறது. இப்போது அநியாயம் என்றவர்கள் 22 வீதம்தான், மற்ற 78 வீதம் பேர் ஏற்றுக்கொண்டார்கள். தொழிலாளியின் சாப்பாட்டுத் தட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ இல்லை. ஒன்றில் யாரோ கை நீட்டி எடுக்கிறார், மற்றதில் யாரோ கை நீட்டிக் கொடுக்கிறார், எடுத்தது யார் என்று தெரியவில்லை.

எண்ணைப் பிடித்துக்கொள்ள நியாயமும் உண்டு

எல்லாவற்றையும் மாயை என்று சொல்லிவிட்டால் நான் அம்மாவுக்கு அநியாயம் செய்வேன். எண் உண்மையிலேயே முக்கியமாக இருக்கும் இடங்கள் உண்டு. நகைக்கடையில் அடகு வைத்த தோட்டின் கடன் ரூபாவில்தான் எழுதியிருக்கிறது, விலைவாசி ஏறினாலும் அந்த 40,000 அதே 40,000தான். தீபாவளி முற்பணத்தை மாதாமாதம் பிடிப்பதும் ரூபாவில்தான். கடன்காரனுக்கு எண் கூடுவது உண்மையான விடுதலை.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம் பிடிக்கிறார்கள், தொழில் தருபவர் 12 வீதம் போடுகிறார், வேலையை விடும்போது வருகிற சேவைக்காலப் பணம் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்காகிறது. 2019இல் மொத்தம் 20 ரூபாதான் கூடினாலும் அடிப்படை 200 கூடியதில் ஒரு நன்மை இருந்தது என்று சங்கக்காரர்கள் வாதிட்டது இதனால்தான். ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த பெண்களுக்கு அது பொய் வாதம் இல்லை.

பிரித்தானியப் பொருளியலாளர் கேன்ஸ் 1936இலேயே சொன்ன ஒன்றும் உண்டு. தொழிலாளர்கள் கூலி வெட்டை எதிர்ப்பார்கள், விலை ஏறினால் அதே அளவுக்கு எதிர்க்க மாட்டார்கள் என்பதை அவரும் கவனித்தார், ஆனால் அதை வெறும் அறியாமை என்று அவர் சொல்லவில்லை. ஓரிடத்தில் கூலியை வெட்டினால் அந்த இடத்துத் தொழிலாளி மற்றவர்களை விடத் தாழ்ந்து போகிறார். விலை ஏறினால் எல்லாரும் சேர்ந்து இறங்குகிறார்கள், வரிசை மாறுவதில்லை. மலையகத்தில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அம்மா தன் ஆயிரத்தை மாவோடு ஒப்பிட்டதை விட, கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியின் சம்பளத்தோடும், பக்கத்துத் தோட்டத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்பதோடும்தான் அதிகமாக ஒப்பிட்டார். "எல்லாருக்கும்தானே கஷ்டம்" என்ற ஒரு வாக்கியம் 2022இல் எத்தனை கோபத்தை அடக்கியது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு காரணம் நடைமுறையானது. எண்ணைச் சட்டத்தில் எழுதலாம், தராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். பத்துக் கிலோ மா என்று வர்த்தமானியில் எழுத முடியாது. ஆனால் சுட்டெண்ணை எழுத முடியும். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி அடிப்படை, அகவிலைப்படி என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அகவிலைப்படி நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டு வருடாவருடம் ஏப்ரலில் திருத்தப்படுகிறது. அங்கேயும் பண மாயை இல்லாமல் இல்லை, அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் சம்பள உயர்வு என்றே செய்தி வருகிறது, உண்மையில் அது ஏற்கெனவே போன காசு திரும்பி வருவது. ஆனாலும் அது யாரும் போராடாமலே வருகிறது என்பது பெரிய வித்தியாசம். எங்கள் ஆயிரத்தில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் 2022 செப்டம்பரில் அது 1700ஐ நெருங்கியிருக்கும். கம்பனிகள் அவ்வளவையும் ஒரே அடியில் தாங்கியிருக்குமா என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான், அதனால்தான் இப்படியான ஒப்பந்தங்களில் உச்ச வரம்பு வைப்பதும், பாதி ஈடு மட்டும் தருவதும், தேயிலை விலையோடு சேர்த்துக் கட்டுவதும் உண்டு. எதுவுமே இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதியதுதான் எங்களுக்கு நடந்தது.

1700, 1350, 1750

2024 மே தினத்தில் கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 ரூபாவை அறிவித்தார். 1350 நாட்சம்பளம், 350 கூடுதல் கொடுப்பனவு. 70 வீத உயர்வு என்றே எல்லாரும் எழுதினார்கள், தாங்க முடியாது என்று கம்பனிகளும் அதே 70 வீதத்தைத்தான் காட்டின. வழக்குப் போனது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, செப்டம்பரில் 1350 மட்டும் நாட்சம்பளமாக வர்த்தமானியானது. அதையும் 35 வீத உயர்வு என்றோம்.

இப்போது மெதுவாகக் கணக்குப் பார்க்கலாம், நான்கே பெருக்கல்தான். கொழும்புச் சுட்டெண்ணின் செப்டம்பர் மாதப் பணவீக்கத்தை வருடம் வருடமாக எடுங்கள். 2021 செப்டம்பரில் ஆயிரம் ரூபா என்ன வாங்கியதோ அதை 2022 செப்டம்பரில் வாங்க 1698 வேண்டும். 2023இல் 1.3 வீதம் கூடியது, ஆகவே 1720. 2024இல் விலை 0.5 வீதம் இறங்கியது, 1711. 2025இல் 1.5 வீதம் ஏறியது, 1737.

ஆக 2024இல் 1700 என்பது 70 வீத உயர்வே இல்லை. அது 2021இன் ஆயிரம்தான், பதினொரு ரூபா குறைய. அதைக்கூட நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள், நாமும் பெரிய உயர்வைக் கேட்டுத் தோற்றது போல மனம் தளர்ந்தோம், ஏற்கெனவே கையில் இருந்ததைத்தான் திருப்பிக் கேட்டோம் என்று மேடையில் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தால் பேச்சே வேறு திசையில் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். "70 வீதம் கூட்டு" என்று கேட்பவருக்கும், "மூன்று வருடமாக எடுத்ததைத் திருப்பிக் கொடு" என்று கேட்பவருக்கும் மேசையில் கிடைக்கிற மரியாதை ஒன்றல்ல.

1350ஐ 2021 செப்டம்பர் விலைக்கு மாற்றினால் 789 வருகிறது. ஆயிரம் வருவதற்கு முன் வாங்கிய 750ஐ நினைத்துப் பாருங்கள். ஆறு வருடப் போராட்டம், வர்த்தமானி, பட்டாசு, எல்லாம் முடிந்து, சம்பளத்தின் எண் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி, சாமான் வாங்கும் சக்தி தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் 1750 அறிவிக்கப்பட்டது. 1350ஐ 1550 ஆக்குவது, அதற்கு மேல் வரவுக்காக அரசாங்கம் நாளுக்கு 200 தருவது. இதை மேலே வந்த 1737க்குப் பக்கத்தில் வைத்தால் 13 ரூபா கூடுதல். நாள் தவறினால் அந்த 200 கிடைக்காது, அப்போது மிஞ்சும் 1550 ரூபா 2021இன் 892 ரூபாவுக்குச் சமம். 1350இல் இருந்தவருக்கு இது உண்மையான ஏற்றம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 2021ஐத் தாண்டிய ஏற்றம் என்று சொல்ல முடியாது.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்புச் சுட்டெண் நகரத்துக் குடும்பத்தின் செலவை வைத்துப் போடப்படுவது, அதில் வாடகையும் போக்குவரத்தும் சேவைகளும் பெரிய இடம் பிடிக்கும். லயத்து வீட்டில் சம்பளத்தின் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகிறது. 2022இல் மொத்தப் பணவீக்கம் 69.8ஆக இருந்தபோது உணவு 94.9 என்றால், எங்கள் வீட்டுக்கு அடி அந்த இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. உணவு விலை பிறகு கொஞ்சம் இறங்கியதும் எங்களுக்கு மற்றவர்களை விடக் கூடுதலாக உதவியது. அதனால் யாராவது சங்கத்தில் இருந்து இதைப் படித்தால், சுட்டெண்ணோடு சேர்த்துத் தோட்டத்துக்கென்று ஒரு சிறு கூடையையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: மா, அரிசி, பருப்பு, தேங்காய், சீனி, மண்ணெண்ணெய், பிள்ளையின் பஸ் காசு. மாதம் ஒருமுறை ஒரே கடையில் விலை எழுதினால் போதும். அதோடு அந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் 22 நாள் 16 ஆனது மறுபடியும் கணக்கில் வராமல் போகும்.

அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. 1750 செய்தி வந்த அன்று போன் எடுத்தார், "ஆயிரத்தி எழுநூத்தம்பதாம்பா" என்றார். நான் இந்த நான்கு பெருக்கலையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ ஆயிரத்துலயே நிக்கிறோம்னு சொல்லு" என்றார். பிறகு, 2021இல் பத்துக் கிலோ மா வாங்கிய பேருக்கு இப்போது எத்தனை கிலோ வரும் என்று என்னைக் கேட்டார், அடுப்படியில் இருந்த கொப்பியை எடுத்து வரச் சொல்லி தங்கையைக் கூப்பிட்டார்.